நான்காவதாக வந்தவள்

ஜனக்புரி,
3 நவம்பர் 2024

ப்ரீதா,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் அதுவே பெரிய விஷயம். பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் நான் சேர்ந்த அன்றே நீ வெளியேறினாய். என் நம்பரையும் ப்ளாக் செய்துவிட்டாய். அதனால்தான் தபால். புசா ரோடு பள்ளியில் தமிழம்மாவிடம் அடி வாங்கிக் கற்ற எழுத்துக்கு முப்பது வருஷம் கழித்து ஒரு உபயோகம் வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். இங்கே ஜெயசீலன் என்று ஒருவர், ராணுவத்தில் இருந்தவர், பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார். என் முழங்கால் ஓடவிடாது என்பதால் நான் காலையில் போய் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். டிசம்பரில் அவருடைய பன்னிரண்டு பெண்கள் முதல் தடவையாக தேசிய ஜூனியர் போட்டிக்குப் போகிறார்கள். "அக்கா, உங்க முதல் நேஷனல் ரேஸுக்கு முந்தின நாள் இருந்த உங்களுக்கே ஒரு லெட்டர் எழுதுங்க. கிளம்பற அன்னிக்குப் பசங்க முன்னாடி படிங்க" என்றார். அவர்களுக்கு இந்தியில்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ருக்குவுக்குத் தமிழில்தானே எழுத முடியும். எழுதினேன். அந்த ஓட்டத்தில் என்னோடு இருந்த ஒரே தில்லிப் பெண் நீ. தப்பு இருந்தால் சொல்:

"அன்புள்ள ருக்கு, நாளை எண்ணூறு மீட்டர். 1994-ஐ நீ மறக்கப் போவதில்லை. ராத்திரி தூக்கம் வராது, பரவாயில்லை, படுத்தே இரு. ஓட்டத்துக்கு முன்னால் ‘கால் ரூம்’ என்று பெயர் கூப்பிடும் அறையில் உட்கார வைத்து நம்பர் துணியைச் சரிபார்ப்பார்கள், ஷூவின் ஆணி நீளத்தை அளப்பார்கள். உனக்கு நான்காவது லேன். துப்பாக்கி வெடித்ததும் முதல் இருநூறில் எல்லாரும் பைத்தியம் மாதிரி ஓடுவார்கள், நீ ஓடாதே. முதல் சுற்று அறுபத்தைந்து வினாடி. அறுநூறாவது மீட்டரில் கால் ஈயமாகும், அங்கேதான் கையை வேகமாக வீச வேண்டும். உனக்கு வெண்கலம் கிடைக்கும். தேசிய முகாமுக்குப் போவாய், வேலை கிடைக்கும். பயப்படாதே. உன்னை நம்பு."

இவ்வளவுதான். நன்றாக இருக்கிறதா?

நான் தனியாகத்தான் இருக்கிறேன். காற்று இந்த மாதம் புகையைக் குடிக்கிற மாதிரி இருக்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். நீ சரோஜினி நகர் குடியிருப்பில் என்று கேள்விப்பட்டேன். ராஜௌரி கார்டனில் ஒரு தடவை மெட்ரோ மாறினால் போதும். சும்மா சொன்னேன்.

ருக்மிணி


சரோஜினி நகர்,
9 நவம்பர் 2024

ருக்மிணிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். கருத்து கேட்டிருக்கிறாய். இருபத்தாறு வருஷமாக அமைச்சகத்தில் அடுத்தவர் எழுதிய குறிப்புகளுக்குக் கருத்து எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன், எனக்குக் கை வந்த வேலை.

ஒன்று. எண்ணூறு மீட்டரில் முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனில்தான் ஓட வேண்டும். வளைவு முடிகிற இடத்தில் குறுக்கே பச்சைக் கோடு. அதைத் தாண்டிய பிறகுதான் உள்ளே நகரலாம். உன் கடிதத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, உடனே முதல் சுற்று முடிந்துவிடுகிறது. அந்த வளைவு எங்கே போயிற்று?

அடுத்தது, உனக்குப் பக்கத்து ஐந்தாவது லேனில் ஒருத்தி ஓடினாள். அவளைக் காணோம்.

வெண்கலம் "கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறாய். நீ கோட்டைத் தொட்டபோது நான்காவதாகத்தான் வந்தாய். நான் இரண்டாவது. இரண்டு பதினைந்து புள்ளி எட்டு. கால் மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் என் நம்பரைச் சொல்லி, வளைவில் லேனை விட்டு உள்ளே வந்ததால் தகுதி நீக்கம் என்றார்கள். அதனால் நீ மூன்றாவது ஆனாய். இதையும் அந்தப் பன்னிரண்டு பெண்களிடம் சொல். வெண்கலம் அப்படியும் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

நான் லேனை விட்டு வரவில்லை. அன்றும் சொன்னேன். பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன், "நீ என் பின்னாடியேதானடி வந்தே, நான் கோட்டை மிதிச்சேனா?" என்று. "கவனிக்கலடி" என்றாய். எனக்குப் பின்னால் உள் லேனில் வந்தவளுக்கு என் முதுகைத் தவிர வேறு என்ன தெரிந்திருக்கும்? இதற்கு மேல் எனக்குக் கருத்து இல்லை. நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்.

ப்ரீதா


ஜனக்புரி,
14 நவம்பர் 2024

ப்ரீதா,

நீ மாறவே இல்லை. பத்தாம் வகுப்பில் கூட இப்படித்தான், ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் குத்துவாய்.

வளைவை விட்டுவிட்டேன்தான். அந்தப் பெண்களுக்கு ஊக்கமாக ஏதாவது சொல்லச் சொன்னார்கள், விசாரணை அறிக்கை கேட்கவில்லை. பதினாறு வயதுப் பெண்களிடம் தகுதி நீக்கம் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது?

சரி, நீ ஆரம்பித்தாய், நானும் கேட்டுவிடுகிறேன். என்மேல் உனக்கு என்ன கோபமோ இருக்கட்டும். அப்பா உனக்கு என்ன செய்தார்? சின்ன வயதில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்கூட்டரில் உன்னை முன்னால் நிற்க வைத்து என்னைப் பின்னால் உட்கார வைத்து மைதானத்துக்குக் கூட்டிப் போனவர். உனக்கு ஷூ வாங்க கரோல் பாக் முழுக்க அலைந்தவர். அந்தப் போட்டிக்குப் பிறகு நீ எங்கள் வீட்டு வாசல் பக்கம் வரவில்லை. "ப்ரீதா ஏன் வரதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2011-இல் அவர் போனபோது வீட்டுக்குப் பள்ளிக்கூடமே வந்து போயிற்று. நீ மட்டும் வரவில்லை. நம் வகுப்பு ராமன் உனக்குப் போன் செய்து சொன்னதாக என்னிடம் சொன்னான். தெரிந்தும் வரவில்லை.

எனக்கு அன்று பக்கத்தில் நிற்க ஆள் இல்லை ப்ரீதா. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள், உனக்குத் தெரியும். நிகம்போத் காட் சுடுகாட்டுக்கு வந்தது நானும் அப்பாவின் ஆபீஸ்காரர்களும்தான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ருக்மிணி


சரோஜினி நகர்,
20 நவம்பர் 2024

ருக்மிணி,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் அப்பாவைப் பற்றி உன்னிடம் தப்பாகப் பேசக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தகுதி நீக்கம் என்று அறிவித்தபோது எனக்கு அதற்கு எதிராக எதுவும் செய்யலாம் என்பதே தெரியாது. நம் பயிற்சியாளர் வேறு பந்தயத்தில் இருந்தார். என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. உன் அப்பா, கல்யாணராமன் மாமாதான் ஓடி வந்தார். விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார், பேப்பரில் அட்டை போட்டு. "முடிவை அறிவிச்ச அரை மணிக்குள்ள ரெஃபரிகிட்ட ஆட்சேபம் சொல்லலாம்மா. ஓடினவளும் சொல்லலாம், அவளுக்காக வேற ஒருத்தரும் சொல்லலாம். வாயால சொன்னாப் போறும், ஆனா நான் எழுதியே குடுத்துடறேன், அப்பத்தான் ஒதுக்க முடியாது. நீ மிதிக்கலைதானே?" என்றார். இல்லை மாமா என்றேன். "அச்சா. நீ இந்த கேட்டண்டையே இரு, எங்கயும் போகாதே. எழுதிண்டு வரேன், சேர்ந்து போவோம்" என்றார்.

நான் நின்றேன். பயிற்சி மைதானத்துக்குப் போகிற இரும்புக் கேட். ஷூவைக் கழற்றாமல் ஆணியோடு சிமெண்டில் நின்றேன், கூப்பிட்டதும் ஓட வசதியாக. அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. ரிலே முடிந்து விளக்குப் போட்டார்கள். மாமா வரவில்லை. பஸ்ஸுக்குக் கூப்பிட்டபோதுதான் அவரைத் தூரத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கண்ணால் பார்த்தேன்.

தன் பெண் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார், வேறென்ன. உன்னிடம் எனக்கு வருத்தம் மட்டும்தான் இருந்தது. அவரிடம்தான் கோபம். பெரியவர், சொன்ன சொல்லுக்கு மதிப்புக் கொடுக்காதவர். மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை அன்று எதிரே வந்து "ப்ரீதா" என்றார். கேட்காத மாதிரி நடந்து போனேன். அதற்குப் பிறகு அவர் சாவுக்கு நான் எப்படி வருவேன்?

ப்ரீதா


ஜனக்புரி,
27 நவம்பர் 2024

ப்ரீதா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

உன்னை அந்தக் கேட்டில் நிற்கச் சொல்லிவிட்டு வந்தார் என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை.

லேனை விட்டு உள்ளே வந்தது நான்.

மூன்றாவது லேன் கேரளப் பெண் வளைவில் என் தோள் அளவுக்கு வந்துவிட்டாள். பச்சைக் கோட்டில் எல்லோரும் உள்ளே சாயும்போது கூட்டத்தில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். கோட்டுக்குப் பத்தடி முன்னாலேயே உள்ளே வெட்டினேன். மூன்று அடியாவது மூன்றாவது லேனில் வைத்திருப்பேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கியதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். கால் பட்ட இடத்தில் அடையாளத்துக்கு அவர் டேப் ஒட்டியிருந்ததை இரண்டாவது சுற்றில் தாண்டி ஓடினேன். அது நான்காவது லேன் கோட்டருகே இருந்தது. உன் லேன் அதற்கும் வெளியே. நமக்கு ஒரே நீல பனியன், ஒரே உயரம், ஒரே மாதிரி மடித்துக் கட்டிய பின்னல். அவர் எழுதிக்கொடுத்தது உன் நம்பர்.

முடிவைக் கேட்டபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய். நான்காவதாக வந்தவளை முகாமுக்கு எடுக்க மாட்டார்கள். உண்மை தெரிந்தால் நான்காவது கூட இல்லை.

அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து தொடைமேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆபீஸ் இங்கிலீஷ். தேதி, நேரம், பந்தயம், உன் நம்பர் எல்லாம் எழுதி இரண்டாவது பாராவுக்கு வந்துவிட்டார். "டேப் எங்கே ஒட்டியிருக்குன்னு போய்ப் பார்க்கச் சொன்னாப் போறும், அது அவ லேனே இல்லேன்னு தெரிஞ்சுடும்" என்றார். அவர் கண்டுபிடித்துவிட்டார் ப்ரீதா. அடுத்த கேள்வி அது யாருடைய லேன் என்பதுதான்.

"வேண்டாம்ப்பா. மிதிச்சேன்னு அவளே எங்கிட்ட சொல்லிட்டா. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருக்குன்னு அழறா. நீங்க போய்க் கேட்டா அவமானமாப் போயிடும். அவளைப் பார்க்காத மாதிரி இருந்துடுங்கோ" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பிறகு, "பாவம், குழந்தை" என்றார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் திருப்பினார். பதினேழு வருஷம் நான் அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட, "அந்தப் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்லையே" என்றார். நான் டானிக் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடினேன். ஒரு தடவைகூட வளைவில் உள்கோட்டின் பக்கம் என் கால் போனதில்லை. அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

ருக்மிணி


சரோஜினி நகர்,
3 டிசம்பர் 2024

ருக்மிணி,

ஓட்டம் போனதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. பரீட்சை எழுதி வேலை வாங்கினேன், என் பையன் ப்ரணவ் நன்றாகப் படிக்கிறான். மெடல் இல்லாமல் யாரும் செத்துப்போவதில்லை. முகாமுக்குப் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் மாமாவை நான் முப்பது வருஷம் வெறுத்தேன். ஒரு தப்பும் செய்யாத மனுஷரை. கோயில் வாசலில் கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்க்காமல் போனேன். அவர், பாவம் இன்னும் வெட்கப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். நான் பொய்க்காரி என்று நம்பியும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இனி அவரிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பேன்?

நேற்று ஆபீசில் சீட்டில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து சீட் பையன் "மேடம், தபியத் டீக் ஹை?" என்று உடம்பை விசாரித்துத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். அப்பா இறந்தபோதுகூட நான் ஆபீசில் அழவில்லை.

மன்னிப்பு கேட்கவில்லை நீ. கேட்காததும் நல்லதுதான், கொடுக்க என்னிடம் இல்லை. மெட்ரோ மாறி வராதே.

ஆனால் அந்தப் பெண்களிடம் படிக்கிற கடிதத்தைத் திருத்து. வினாடிக் கணக்கும் கை வீசுவதும் அவர்களுக்குப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பார். உன் ருக்குவுக்கு அது தேவையே இல்லை, அவள் நன்றாகத்தான் ஓடினாள். அவளுக்குத் தெரியாத ஒன்று இப்போது உனக்குத் தெரியும். அதை எழுது. என் பெயரைப் போட்டே எழுது. படித்துவிட்டு ஒரு பிரதி அனுப்பு. பதில் எதிர்பார்க்காதே.

ப்ரீதா


ஜனக்புரி,
9 டிசம்பர் 2024

ப்ரீதா,

நேற்றுக் காலை படித்தேன். பனிமூட்டத்தில் பன்னிரண்டு பேரும் பையோடு தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. ஜெயசீலன் என் முகத்தைப் பார்க்காமல் பெண்களை பஸ்ஸில் ஏறச் சொன்னார். இனிமேல் ஸ்டாப்வாட்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுவாரா என்று தெரியவில்லை. கனிமொழி என்று ஒருத்தி மட்டும் ஏறப் போனவள் திரும்பி வந்து கேட்டாள், "ஆண்ட்டி, வோ பாக் கே கயி? உஸ்கே பாஸ்?" அந்த ருக்கு ஓடினாளா, உன்னிடம் போனாளா என்று. இல்லை என்றேன்.

நீ கேட்ட பிரதி:

"ருக்கு, ஓட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீ வளைவில் பயந்துபோய் உள்ளே வருவாய். எழுதிவைத்தாலும் வருவாய், பதினாறு வயதில் யாருக்கும் பத்தடி பொறுமை இருக்காது. அது தப்புதான், ஆனால் அது கால் செய்த தப்பு.

நான் எழுதுவது அதற்குப் பிறகு வருகிற அரை மணி நேரத்துக்காக. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுவார். நீ பக்கத்தில் போய் நிற்பாய். வாயில் ஒரு பொய் தயாராக இருக்கும், நல்ல பெண் சொல்கிற மாதிரி அழகான பொய். அதைச் சொன்னால் உனக்கு முகாம் கிடைக்கும், வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும். எல்லாம் உண்மை, எனக்குக் கிடைத்தது. அந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். இங்கே காலிங்பெல் அடித்தால் கூரியர்க்காரர்தான்.

சொல்லாவிட்டால் உன் பெயரை அடித்துவிடுவார்கள். நான்காவது இடம்கூட இருக்காது. அப்பா உன்னிடம் இரண்டு நாள் பேச மாட்டார். மூன்றாவது நாள் பேசுவார், அவரை எனக்குத் தெரியும்.

பயிற்சி மைதானத்துக்குப் போகிற வழியில் ஒரு இரும்புக் கேட் இருக்கிறது. அங்கே ப்ரீதா ஷூவைக் கழற்றாமல் நின்றுகொண்டிருக்கிறாள். அப்பா வருவார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது, இப்போதுதான் தெரிந்தது, அதனால் உனக்குச் சொல்கிறேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே போ."

ருக்மிணி